ஆயுள் ஆண்டுத்தொகைக்கு விலை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுள் ஆண்டுத்தொகை என்பது, முதலில் மொத்தமாகப் பணம் கட்டியவர் உயிரோடு இருக்கும் வரை ஆண்டுதோறும் பெறும் தொகை. கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் காப்பீட்டுக் கணக்கு கற்க வரும் பிள்ளைகள், நான் முன்பு செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கூட்டல் பிழைகளை விடுங்கள். இன்றும் என்னை எரிச்சலூட்டுபவை சில உண்டு.

சராசரி ஆயுளைத் தவணைக்காலமாக எடுத்துக்கொள்வது

"இவர் சராசரியாக இன்னும் 20 ஆண்டு இருப்பார், அப்படியானால் 20 ஆண்டுத் தவணைக்கு விலை வைத்தால் போதும்" என்கிறார்கள். போதாது. சரியான வழி, ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் அந்த ஆண்டு வரை உயிரோடு இருக்கும் நிகழ்தகவால் பெருக்கி, கழிவு விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டுவதுதான்.

சுருக்கிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஆண்டு இறுதிதோறும் 1 லட்சம், கழிவு விகிதம் 7%. வாங்குபவர்களில் பாதிப்பேர் 10 தவணை பெறுவார்கள், மீதிப்பேர் 30. சராசரி 20. இருபது தவணையின் இன்றைய மதிப்பு 10.59 லட்சம். ஆனால் பத்துத் தவணைக்கு 7.02, முப்பதுக்கு 12.41, இரண்டின் சராசரி 9.72 லட்சம்தான். தள்ளிவரும் பணம் இன்று மலிவு என்பதே காரணம். 11 முதல் 20 வரையிலான தவணைகள் 3.57 லட்சம் பெறும். 21 முதல் 30 வரையிலானவை 1.82 லட்சம்தான். ஆக, சராசரியை வைத்தால் வாங்குபவரிடம் சுமார் 88,000 ரூபாய் கூடுதலாகப் பிடுங்குகிறோம்.

இதே சராசரியைத் தனி ஆளின் சேமிப்பில் வைத்தால் கேடு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சித்தூரில் இருக்கும் என் அத்தை 62 வயதில் வயல் விற்ற பணத்துக்கு, நான்தான் 20 ஆண்டுக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய 82ஆம் வயதில் பணம் தீர்ந்தது. இப்போது 86, திடமாக இருக்கிறார். செலவை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. பலர் சேர்ந்த நிதியாக இருந்திருந்தால், முன்னதாக இறந்தவர்களின் பங்கு அவருக்கு வந்திருக்கும்.

ஆள் கூடினால் இடர் தீரும் என்று நம்புவது

ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி இறப்பதை எண்ணிக்கை சமன்படுத்தும். எல்லோருமே கூடுதலாக வாழ்ந்தால் சமன்படுத்தாது. மேலே சொன்ன கணக்கில் 30 தவணை பெறுவோர் 60% ஆனால் விலை 10.25 லட்சம் ஆகும். ஆளுக்குச் சுமார் 54,000 ரூபாய் துண்டு விழும். ஆயிரம் பேர் என்றால் 5.4 கோடி. ஆகவே இறப்பு விகிதத்தைக் குறைத்து விலையை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

ஆயுள் காப்பீட்டு அட்டவணையை எடுப்பது

ஆண்டுத்தொகை வாங்குவோர் கூடுதலாக வாழ்பவர்கள். அவர்களுக்கென்று தனி இறப்பு அட்டவணை இருக்கிறது, அதை எடுங்கள்.

பிறப்புக்கால ஆயுளை 60 வயதுக்காரருக்குப் போடுவது

கூடவே கூடாது. அந்தச் சராசரியில் இளவயதிலேயே இறந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 60ஐத் தொட்டவர் சராசரியாக அதைத் தாண்டி வாழ்வார்.