‘பதகளிப்பு’ என்று எழுதி மூடிய கொப்பி: வளர்ந்த பெண்களின் ஓட்டிசத்தை நாம் தவறவிடும் இடங்கள்

மூன்று வருடமாக ஒருவரின் கிளினிக் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி இருந்தது: ‘பதகளிப்பு. மருந்தைத் தொடரவும்.’ எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். அவரை வாணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பேரின் கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இங்கே தருகிறேன்.

வாணிக்கு 36 வயது. நிலாவெளியில் பிறந்தவர். திருகோணமலை டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கணவர், இரண்டு பிள்ளைகள். நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, வயிற்றைப் பிரட்டுதல் என்றுதான் முதலில் வந்தார். ஈ.சி.ஜி., தைரொயிட் எல்லாம் சரி. பதகளிப்பை அளக்கும் ஜி.ஏ.டி-7 வினாக்கொத்தில் 21க்கு 16. செர்ட்ரலீன் 50 மில்லிகிராமில் தொடங்கி 100க்குக் கூட்டினேன், மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வருடம் கழித்தும் 14. மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று இரண்டு தரம் சந்தேகப்பட்டேன். என் நோய் நிர்ணயத்தை ஒரு தரமும் சந்தேகிக்கவில்லை.

திருப்பம் அவருடைய சின்ன மகனால் வந்தது. நாலு வயதில் அவனுக்கு ஓட்டிசம் என்று உறுதியானது. பிள்ளையைப் பற்றி அந்தப் பரிசோதனையில் கேட்ட கேள்விகளை வாணி மனதில் வைத்திருந்து, வீட்டில் போய் இரண்டு பக்கத்தில் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். “டொக்டர், நானும் சின்னனில இப்படித்தான். இப்பவும் இப்படித்தான்.” பிந்திய வயதில் ஓட்டிசம் தெரியவரும் பெண்கள் பலர் இந்த வாசலால்தான் வருகிறார்கள்.

என் முதல் பிழை, பயம் எவ்வளவு என்று அளந்துவிட்டு எதற்குப் பயம் என்று கேட்காமல் விட்டது. ஜி.ஏ.டி-7 அளவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கலியாண வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே நித்திரை வராது என்று வாணி சொன்னதும் நான் அதைச் சமூகப் பதகளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் நிதானமாகக் கேட்டபோது வந்த பதில் வேறு. “சிரிப்பினம் எண்டு பயமில்லை. ஒரு ஆள் கதைச்சு முடிச்சிட்டாரோ, இன்னும் சொல்லப் போறாரோ எண்டு எனக்குப் பிடிபடாது. மேளமும் ஆக்கள் கதைக்கிறதும் எல்லாம் ஒரே அளவில கேட்கும். சாப்பாடு எத்தனை மணிக்கு எண்டும் ஒருத்தரும் சொல்லாயினம்.”

சமூகப் பதகளிப்பு உள்ளவருக்கு அநேகமாக விதிகள் தெரியும். அவற்றில் பிழைவிட்டு மற்றவர்களின் கண்ணில் தாழ்ந்துபோவோமோ என்பதுதான் அவருடைய பயம். வாணிக்கு விதிகளே கண்ணுக்குத் தெரிவதில்லை. அதோடு சத்தமும் நிச்சயமின்மையும் சேர்கின்றன. இதைப் பிரித்தறிய நான் இப்போது இரண்டு கேள்விகள் கேட்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கும்? உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரோடு இருக்கும்போதும் இந்தக் களைப்பு வருமா? கலியாண வீட்டால் வந்தால் வாணி அறையை இருட்டாக்கி இரண்டு மணித்தியாலம் படுத்திருப்பார், பேச்சு வராது. கணவர் அதைக் கோபம் என்றே நினைத்திருந்தார். சொந்த அக்காவோடுகூட அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தால் களைத்துவிடுவார். நாம் ‘பீதித் தாக்கம்’ என்று எழுதிவைத்ததும் உண்மையில் இதுதான். பீதித் தாக்கம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். இது நாள் முழுக்கச் சேர்ந்து, சொல்லடைத்து, மணிக்கணக்கில் நீடித்து, இருட்டிலும் தனிமையிலும் ஆறும்.

ஆனால் ‘இது பதகளிப்பு இல்லை, ஓட்டிசம்’ என்று அடித்து எழுதுவதும் பிழைதான். இரண்டும் சேர்ந்தே வரும். முப்பது வருடம் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒருவருக்கு மனிதரைக் கண்டால் பயம் வருவது நியாயம்தானே.

அடுத்தது, கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. வாணி என்னைப் பார்த்துத்தான் பேசுவார், வேண்டிய இடத்தில் சிரிப்பார், கலியாணம் கட்டி வேலையும் பார்க்கிறார். ‘இவருக்கு எங்கே ஓட்டிசம்?’ என்று தோன்றும். பிறகுதான் சொன்னார், தான் பார்ப்பது என் கண்ணை இல்லை, இரண்டு புருவத்துக்கும் நடுவில் என்று. சிரிக்க வேண்டிய இடங்களைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியைப் பார்த்துப் பழகியிருக்கிறார். ஆட்களைச் சந்திக்கும்போது கேட்க அவரிடம் ஒரு பட்டியலே உண்டு: சாப்பிட்டீங்களோ, பிள்ளையள் எப்படி, அம்மாவுக்கு இப்ப சுகமோ. மூன்றும் முடிந்தால் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவார். எல்லோரும் அவரை நல்ல பொறுப்பான பெண் என்பார்கள்.

இந்த முகமூடிக்கு மூன்று பக்கம் உண்டு. தெரியாததைப் பார்த்துப் படித்து ஈடுகட்டுவது ஒன்று. கை ஆட்டுவது போன்ற இயல்பான அசைவுகளை அடக்கிக்கொள்வது இன்னொன்று. மனம் ஒட்டாவிட்டாலும் கூட்டத்தோடு ஒத்துப்போவதுபோல் நடிப்பது மூன்றாவது. கிளினிக்கில் நாம் பார்க்கும் பத்து நிமிடம், அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பத்து நிமிடம். ஆகவே என்ன செய்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு செலவாகிறது என்றும் கேட்க வேண்டும். உளநோய் நிர்ணயக் கையேடான டி.எஸ்.எம்-5இலும் இதற்கு இடமுண்டு. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருக்க வேண்டும், ஆனால் பிற்காலத்தில் கற்ற உத்திகளால் மறைந்திருக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பெண்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் இருந்தால் ‘அடக்கமான பிள்ளை’ என்கிறோம். கண்ணைப் பார்க்காததும் இங்கே ஓட்டிசத்துக்குச் சான்றில்லை, பார்ப்பதும் எதிர்ச்சான்றில்லை. ஆழ்ந்த ஈடுபாடுகளும் அப்படித்தான். ஒரு பெண் எந்நேரமும் ரயில் அட்டவணையோடு இருந்தால் நமக்கு உடனே பொறி தட்டும். வாணியின் ஈடுபாடு செவ்வரத்தை. 23 வகை வளர்க்கிறார், ஒவ்வொன்றும் பூத்த திகதிக்குத் தனிக் கொப்பி வைத்திருக்கிறார். பூச்செடியில் பிரியமுள்ள பெண் என்று கடந்துபோய்விட்டேன். எதில் விருப்பம் என்பதைவிட அது எவ்வளவு ஆழம், அதைத் தடுத்தால் என்ன ஆகிறது என்பதே முக்கியம்.

திருகோணமலையில் வேலை செய்யும் நமக்கென்றே ஒரு பிழை உண்டு. நாற்பதை நெருங்கும் யார் வந்தாலும் யுத்தமும் இடப்பெயர்வும் இருக்கும். கரையோரத்தவர் என்றால் சுனாமியும் இருக்கும். 2004 மார்கழியில் வாணிக்கு 16 வயது. சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், கூட்டத்தைத் தவிர்க்கிறார், நித்திரை இல்லை. ‘மனவடு’ என்று எழுத எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. மனவடு இல்லையென்று சொல்லவரவில்லை. ஆனால் எந்தச் சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். மனவடுவில் சத்தம் நடந்த சம்பவத்தோடு ஒட்டியிருக்கும்: கடல் இரைச்சல், ஹெலி, வெடி. கூடவே அந்த நாளின் காட்சியும் திரும்பி வரும். வாணியை வாட்டுவது குக்கர் விசில், டியூப் லைட்டின் ரீங்காரம், யாராவது கரண்டியால் கோப்பையைச் சுரண்டுவது. இவற்றோடு எந்த நினைவும் வருவதில்லை, வலிதான் வருகிறது. இதெல்லாம் சுனாமிக்கு முன்னமே இருந்தது.

முன்னமே இருந்ததை எப்படி அறிவது? தாயிடம் ‘சின்ன வயதில் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை’ என்பார். அதை அப்படியே எழுதி மூடிவிடக் கூடாது. சம்பவமாகக் கேட்க வேண்டும். இடைவேளையில் யாரோடு விளையாடினார்? விருந்தாளி வந்தால் எங்கே போவார்? எந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்? வாணியின் அம்மாவிடம் நான் சாமத்திய வீட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: சேலைச் சரிகை குத்துது என்று கழற்றி எறிந்துவிட்டு, படம் எடுக்க முன்னமே கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் ஒரே சிநேகிதி. அவள் இடம்பெயர்ந்து போன பிறகு வேறு யாருமில்லை. பழைய தேர்ச்சி அறிக்கையில் ‘கணிதம் மிக நன்று. வகுப்பில் வாய் திறப்பதில்லை’ என்று இருந்தது.

வினாக்கொத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டிசப் பண்புகளை அளக்கும் ஏ.கியூவின் 50 கேள்விகளில் ஒன்று, விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவதை விரும்புவீர்களா என்பது. கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் எந்த விருந்து என்று திருப்பிக் கேட்பார், நியாயமாக. பதகளிப்பு மட்டுமே உள்ளவர் அதில் கூடுதலாகப் புள்ளி பெறலாம், நன்றாக மறைக்கத் தெரிந்தவர் குறைவாகப் பெறலாம். மறைப்பை அளக்கவென்றே 25 கேள்விகளோடு கேட்-கியூ என்று ஒன்று 2019இல் வந்தது. பேச்சைத் தொடக்க உதவும், ஆனால் நோய் நிர்ணயக் கருவி அல்ல.

சிகிச்சையில் நான் விட்ட பிழைதான் வாணிக்கு அதிகம் வலித்தது. பயத்தை எதிர்கொள்ளப் பழக்க வேண்டும் என்று மீன் சந்தைக்குத் தினமும் அனுப்பினேன், 20 நிமிடம் நிற்கச் சொன்னேன். என்ன நடக்குமோ என்ற பயம் திரும்பத் திரும்பப் போனால் குறையும். இரைச்சலும் மணமும் தரும் புலன்வலி அப்படிக் குறைவதில்லை. வித்தியாசம் குறிப்புக் கொப்பியிலேயே தெரிந்தது: முதல் நாள் அவஸ்தை பத்துக்கு 7, ஏழாம் நாள் 9. புள்ளி இறங்காமல் ஏறினால் அங்கேயே நிறுத்தி, எதைப் பழக்குகிறோம் என்று திரும்பக் கேட்க வேண்டும். இப்போது காலை ஆறரைக்கு, கூட்டம் சேர முன், காதில் அடைப்பானோடு, வாங்க வேண்டியதை எழுதிக்கொண்டு போகிறார்.

‘அப்போது மனதில் என்ன உணர்ந்தீர்கள்?’ என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்ததில்லை. ஒத்துழைக்கவில்லை என்று குறித்தேன். ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தம் உணர்ச்சியை இனங்கண்டு பெயர் சொல்வது கடினம். வயிறு எப்படி, தாடை இறுகியதா என்று உடம்பைக் கேட்டபோது சொன்னார். சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கொடுத்தேன், அடுத்த முறை என்ன செய்வோம் என்று முன்கூட்டியே சொன்னேன். கூட்டிப் பயன் தராத செர்ட்ரலீனைச் சில மாதங்களில் படிப்படியாக 50க்குக் குறைத்தேன். அது ஓட்டிசத்துக்கான மருந்தல்ல, கூட வரும் பதகளிப்புக்கு மட்டும்தான். தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்பதையும் விடக் கூடாது. முகமூடி எவ்வளவு தடிப்போ அந்த எண்ணமும் அவ்வளவு கூடுதலாகக் காணப்படுகிறது. சிரித்தபடி ‘சுகம்’ என்று சொல்பவரிடமும் கேளுங்கள். வாணி சிரித்தபடிதான் ‘ஓம்’ என்றார்.

முடிவை யாருக்குச் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். கூட வந்த உறவினர் முன்னால் கொட்டிவிட்டால், அது பிள்ளைகளின் கலியாணப் பேச்சுவரை போகும் ஊர் இது. முதலில் தனியே வைத்து, யாரெல்லாம் அறியலாம் என்று அவரையே கேளுங்கள். வாணி கணவருக்குச் சொன்னார், அக்காவுக்குச் சொன்னார். கடைசியாக வந்தபோது ஜி.ஏ.டி-7இல் 9. கலியாண வீடுகளுக்கு இப்போதும் போகிறார், வாசலுக்குப் பக்கத்தில் இருந்து நாற்பது நிமிடத்தில் வந்துவிடுகிறார். மாமியிடம் மட்டும் தலையிடி என்று சொல்லி வைத்திருக்கிறார்.