முதல் டாக்குமெண்டரி கேமரா: கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஷூட் நாளை பேப்பர்ல எழுதுங்க

போன மாசம் தம்பி ஒருத்தன் வந்தான். "அண்ணே, கையில 1 லட்சம் இருக்கு, தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குறவங்களப் பத்தி ஒரு படம் எடுக்கணும், ஃபுல் ஃபிரேம் வாங்கலாமா?"ன்னு கேட்டான். ஃபுல் ஃபிரேம்னா பெரிய சென்சார் உள்ள கேமரா. எல்லாரும் சென்சார்லதான் ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சு அடிபட்டேன். அதனால அவனுக்கு சொன்னத அப்படியே வரிசையா இங்க எழுதுறேன். ரெண்டே ரெண்டு செகண்ட் ஹேண்ட் கேமராவ எடுத்துக்குவோம்: 2017-ல வந்த பானசோனிக் ஜிஹெச்5, 2018-ல வந்த ஃபுல் ஃபிரேம் சோனி ஏ7 மார்க் 3.

படி 1: ஷூட் நாளை எழுதுங்க

உப்பளத்துல வெயிலுக்கு முன்னாடி வேலைய முடிக்கணும்னு விடியுறதுக்குள்ளயே இறங்கிடுவாங்க. 10 மணிக்கு மேல கீழ வெள்ளை உப்பு, மேல வெயில், கண்ணே கூசும். பிளக் பாயிண்ட் பக்கத்துல எங்கயும் கிடையாது. தம்பி போட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு 3 மணி நேரம் ரெக்கார்டிங், அதுல 40 நிமிஷ பேட்டி ரெண்டு. மொத்தம் 10 நாள். இனிமே எல்லா முடிவும் இந்தப் பேப்பர்லேர்ந்துதான்.

படி 2: பேட்டரி

ஜிஹெச்5 பேட்டரிய 4கே-ல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல நம்பாதீங்க, ஏ7 பேட்டரி பெருசு, ரெண்டு மணி நேரம் கிட்ட ஓடும். ஆனா ரெக்கார்ட் பண்ணாம சும்மா ஃபிரேம் பாத்துட்டு நிக்கிற நேரமும் பேட்டரிய தின்னும், டாக்குமெண்டரில காத்துட்டு நிக்கிறதுதான் பாதி வேலை. அதனால ஜிஹெச்5-க்கு 4, ஏ7-க்கு 3. ஏ7-ஐ பவர் பேங்க்ல சொருகியே ஓட்டலாம், ஜிஹெச்5-ல யுஎஸ்பி வழியா சார்ஜ் ஏறாது, பேட்டரி இடத்துல வச்சு வயர் வழியா கரண்ட் குடுக்குற டம்மி பேட்டரி வாங்கணும். இதுல சோனிக்குத்தான் மார்க்.

ஆனா இன்னொன்னு இருக்கு. ஏ7 கிட்டத்தட்ட 29 நிமிஷத்துல ரெக்கார்டிங்க தானா நிறுத்திடும். 40 நிமிஷ பேட்டில ஒரு அம்மா மனசு விட்டுப் பேசிட்டு இருக்கும்போது அது நின்னா உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது, நீங்க அவங்க முகத்தப் பாத்துட்டு இருப்பீங்க. ஜிஹெச்5-க்கு அந்த லிமிட் இல்ல, கார்டும் பேட்டரியும் இருக்கிற வரைக்கும் ஓடும்.

படி 3: கோடெக், அதாவது ஹார்ட் டிஸ்க் செலவு

கோடெக்னா கேமரா வீடியோவ சுருக்கி எழுதுற முறை. கேமரா மெனுல 100 எம்பிபிஎஸ், 150 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். அது பிட் கணக்கு, 8-ஆல வகுத்தா ஒரு செகண்டுக்கு எத்தனை எம்பின்னு வரும். 100-னா செகண்டுக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 150-னா மணிக்கு 67.5 ஜிபி.

ஏ7 உள்ளுக்குள்ள 8 பிட் மட்டும்தான் எழுதும், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி. ஜிஹெச்5 10 பிட் எழுதும், 1024 படி. உப்பளத்து வானம் மாதிரி மெல்ல மெல்ல நிறம் மாறுற இடத்துல, லாக்ல, அதாவது கலர அப்புறமா ஏத்திக்கலாம்னு வெளிறிப்போன மாதிரி எழுதுற புரொஃபைல்ல எடுத்து, கலர் கரெக்‌ஷன்ல இழுத்தீங்கன்னா 8 பிட்ல வானம் பட்டை பட்டையா உடையும். அதனால ஏ7 வாங்குனா லாக் பக்கமே போகாம சாதாரண புரொஃபைல்ல எடுங்க. ஜிஹெச்5-ல வி-லாக் தனியா காசு கட்டி ஆக்டிவேட் பண்றது, பழசு வாங்கும்போது அது ஏற்கனவே ஆன் ஆயிருக்கான்னு மெனுல பாத்துக்கோங்க, இருந்தா லாபம்.

தம்பி எல்லாத்தையும் 10 பிட்ல எடுத்தா நாளைக்கு 200 ஜிபி, 10 நாளைக்கு 2 டிபி, டிஸ்க் முழுசும் ரொம்பிடும். பேட்டில கலர இழுக்கிற வேலை அவ்வளவா இல்ல, அதனால பேட்டி மட்டும் 100 எம்பிபிஎஸ் 8 பிட், வெளிக்காட்சி 150-ல 10 பிட்னு பிரிச்சோம். பேட்டிக்கு 60 ஜிபி, மிச்ச 1 மணி 40 நிமிஷத்துக்கு 112 ஜிபி, நாளைக்கு 172 ஜிபி. 2 டிபி டிஸ்க்ல அடங்கிடும். டிஸ்க் ரெண்டு வேணும், ஒன்னு காப்பி. ஒரே டிஸ்க்ல வச்சிருக்கிறது ஃபுட்டேஜே இல்லங்க.

10 பிட் ஃபைல் நிறைய லேப்டாப்ல திக்கித் திக்கித்தான் ஓடும், கேமரா கோளாறுன்னு பயப்படாதீங்க. ffmpeg-ங்கிற இலவச புரோகிராம்ல இப்படி ஒரு பிராக்ஸி, அதாவது சின்ன சைஸ் நகல், பண்ணிட்டு அத வச்சு எடிட் பண்ணுங்க:

```
ffmpeg -i P1000123.MP4 -vf scale=1920:-2 -c:v dnxhd -profile:v dnxhr_lb -pix_fmt yuv422p -c:a pcm_s16le P1000123_proxy.mov
```

படி 4: இப்பதான் சென்சார்

ஃபுல் ஃபிரேம் சென்சாரோட பரப்பு ஜிஹெச்5-ல இருக்கிற மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ விட கிட்டத்தட்ட 4 மடங்கு. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு. இருட்டுல அது ரெண்டு ஸ்டாப் லாபம், அதாவது ஏ7-ல ஐஎஸ்ஓ 6400-ல வர்ற புள்ளி புள்ளியா இருக்கிற நாய்ஸ் ஜிஹெச்5-ல 1600-லயே வந்துடும். விடியக்காலை ஷாட்டுக்கு இது உறைக்கும். ஆனா எஃப் 3.5 கிட் லென்ஸ கழட்டிட்டு 25 எம்எம் எஃப் 1.7 போட்டா அந்த ரெண்டு ஸ்டாப் திரும்ப வந்துடுது, அந்த லென்ஸும் விலை கம்மி.

சின்ன சென்சார்ல ஃபோகஸ் ஆழமும் அதிகம். நடந்துட்டே உப்பு வாருறவங்கள ஒத்த ஆளா பின்தொடர்ந்து எடுக்கும்போது அது பெரிய உதவி, ஏன்னா ஜிஹெச்5 வீடியோ ஆட்டோஃபோகஸ் முன்னாடியும் பின்னாடியும் தேடிட்டே இருக்கும், கையால ஃபோகஸ் பண்ணப் பழகிடுங்க. இந்த ஒரு விஷயத்துல சோனி எங்கயோ இருக்கு, ஒத்துக்கணும்.

பகல்ல பிரச்சனை தலைகீழ். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 200-னு வச்சா நல்ல வெயிலுக்கு எஃப் 32 கிட்ட போகணும். எஃப் 5.6-ல எடுக்கணும்னா வெளிச்சத்த 5 ஸ்டாப் குறைக்கிற என்டி ஃபில்டர் வேணும், உப்பு வெளுப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட. எந்த கேமரா வாங்குனாலும் இது உண்டு.

படி 5: பழைய விலை

பாடி விலைய கடைசியா போடுங்க. எங்க கணக்கு: லென்ஸ் ரெண்டும் பழசுல 24,000, டிஸ்க் ரெண்டு 12,000, பேட்டரி 6,000, கார்டு 5,000, என்டியும் காலர் மைக்கும் 6,000. ஆக 53,000 போக பாடிக்கு 47,000. ஏ7 அங்கயே கழண்டுடுச்சு, அந்தக் காசுக்கு யாரும் தரல, ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வேற தனி பூதம். விளம்பரத்துல போடுறது கேக்குற விலைதான், ஒரே மாடலுக்கு பத்து விளம்பரம் பாத்துட்டு நடுவுல இருக்கிறதுலேர்ந்து பேச ஆரம்பிங்க.

நேர்ல போகும்போது உங்க கார்டு, ஹெட்ஃபோன், மைக் மூணையும் எடுத்துட்டுப் போங்க. 4கே-ல 25 நிமிஷம் நிறுத்தாம ஓட விட்டு டீ குடிங்க, சூடாகி நிக்குதான்னு தெரியும், பேட்டரி எவ்வளவு இறங்குதுன்னும் தெரியும். லென்ஸ் மூடிய போட்டு ஐஎஸ்ஓ 3200-ல ஒரு கிளிப், கருப்புல கலர் புள்ளி மின்னுனா சென்சார்ல ஹாட் பிக்சல், அதாவது கோளாறான பிக்சல் இருக்கு. கல்யாண வேலை பாத்த கேமரான்னா இத கட்டாயம் பாருங்க, மேடை லேசர் லைட் நேரா விழுந்தா சென்சார்ல கோடே விழுந்துடும். லென்ஸ்ல போன் டார்ச் அடிச்சு எதிர்ப்பக்கத்துலேர்ந்து பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், கடலோர ஊர்ல இது சகஜம். பேட்டரி உப்பிப் போய் இறுக்கமா வெளிய வந்தா அதுக்கு விலையே போடாதீங்க.

மைக் ஓட்டைய மட்டும் தனியா சொல்றேன். என் முதல் கேமராவ ஒருத்தர்கிட்ட வாங்குனப்ப படம் பளிச்சுன்னு இருந்துச்சு, சவுண்டு கேக்கவே இல்ல நான். வீட்டுக்கு வந்து மைக்க சொருகி லேசா அசைச்சா கரகரன்னு சத்தம், ஓட்டை லூஸ். அதனால மைக்க சொருகி, ஹெட்ஃபோன் மாட்டி, வயர ஆட்டிப் பாருங்க. தம்பி ஜிஹெச்5 பாக்கப் போனப்ப முதல் கேமராவ இந்த சோதனைலதான் வேணாம்னுட்டு வந்தான், ரெண்டாவது 44,000-க்கு முடிஞ்சுது. மிச்சம் 3,000-க்கு உப்புக்காத்துக்கு ஏர்டைட் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிட்டான்.