ஸ்டாண்ட்-அப்பில் ஆள் வரிசையை விட்டு டிக்கெட்டைப் பிடித்தோம்

எங்கள் டீமில் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. 15 நிமிடத்தில் முடிய வேண்டிய காலை ஸ்டாண்ட்-அப் கூட்டம் அரை மணியைத் தாண்டும். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். மேனேஜரிடம் கணக்கு ஒப்பிப்பதாகவே அது மாறிவிட்டது. ரீஃபண்ட் சம்பந்தமான வேலைக்குப் போர்டில் போட்ட டிக்கெட் ஒன்று நாள்கணக்கில் ரிவியூவில் கிடந்தது. கோட் எழுதியவர் "என் பங்கு முடிந்தது" என்றார். ரிவியூ செய்ய வேண்டியவர் தன் வேறு வேலைகளைச் சொன்னார். இரண்டுமே உண்மை, ஆனால் டிக்கெட் யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது எல்லா டிக்கெட்டுகளும் கட்டவாரியாக இருக்கும் போர்டை ஸ்கிரீனில் பகிர்ந்து, முடியும் தறுவாயில் உள்ளவை இருக்கும் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் வருகிறோம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரே கேள்வி: இது அடுத்த கட்டத்துக்கு நகர யார் என்ன செய்ய வேண்டும்? முதல் நாளே ரீஃபண்ட் டிக்கெட் மாட்டியது, மதியமே ரிவியூ முடிந்தது. நேற்றைய வேலையைக் கூட்டத்துக்கு முன்பே சாட்டில் எழுதிவிடுகிறோம். விவாதம் நீண்டால், சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் கடைசியில் லைனில் தங்குவார்கள்.

போர்டில் ஏற்றாத வேலை இதில் தெரியாது. அதனால் முடிக்கும் முன், "டிக்கெட் இல்லாமல் யாராவது எதையாவது பார்க்கிறீர்களா?" என்று கட்டாயம் கேட்கிறோம்.