சினிமா படிக்கப் போகும் டீச்சர்களே, ராஜினாமா கடிதத்தில் தேதி போடுங்கள்

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கிற மே மாதத்தில்தான் என் வீட்டுக்கும் ஆள் வரத் தொடங்கும். எல்லாரும் சுற்றுவட்டாரத் தனியார் பள்ளி ஆசிரியர்கள். பள்ளி அலுவலகத்தில் பல வருடம் பணியாளர் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால், கொடுத்து முடித்துவிட்ட ராஜினாமா கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து "சார், இதுல ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் ஐ.டி. வேலைக்கும் கல்யாணத்துக்கும் விடுவார்கள். இப்போது எடிட்டிங், ஒளிப்பதிவு, இயக்கம் என்று பட்டயப் படிப்புக்குப் போகிறவர்களும் அடிக்கடி வருகிறார்கள். கடிதம் மட்டும் எங்கள் காலத்தில் எழுதியதேதான், ஒரு வரி மாறவில்லை.

எழுத்துப்பிழை, "மதிப்பிற்குரிய"வா "மரியாதைக்குரிய"வா போன்ற விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதனால் யாருக்கும் பணம் போனதில்லை.

"உடனடியாக விடுவிக்குமாறு"

இந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். "சொந்தக் காரணங்களால் பணியில் தொடர இயலாததால் என்னை உடனடியாக விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வேலை நாள் எது என்று இந்த வாக்கியத்தில் இல்லை. எழுதுகிறவர் பணிவாக எழுதிவிட்டதாக நினைக்கிறார். அலுவலகத்தில் இருப்பவருக்கோ இது வெற்றுக் காசோலை மாதிரி, எந்தத் தேதி வசதியோ அதை நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு ஆங்கில டீச்சர். குன்னூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 2020 ஜூன் 8ஆம் தேதி சேர்ந்தவர். சென்னையில் படத்தொகுப்புப் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 21ஆம் தேதி மேலே சொன்ன கடிதத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு ஏப்ரலில் என்ன உடனடி என்று கேட்டேன். "லெட்டர்னா அப்படித்தானே சார் எழுதணும்?" என்றார். சரி, யாரைக் குறை சொல்வது.

பள்ளி ஏப்ரல் 30ஆம் தேதியோடு விடுவித்துவிட்டது. அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். அவருடைய நியமன ஆணையில் ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் அதற்கான சம்பளம் என்று இருந்தது. உடனே விடச்சொல்லிக் கேட்டது அவர்தான் என்பதால் குறைந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். மே மாதச் சம்பளம் ஜூனில் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் என்பது எங்கள் பக்கம் பல தனியார் பள்ளிகளில் இருக்கும் வழக்கம். அதுவும் போயிற்று.

மூன்றாவதுதான் பெரிய அடி, பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்கள் வருவார்களா மாட்டார்களா என்று முன்பு சண்டை இருந்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே வருவார்கள் என்று ஆக்கிவிட்டார்கள். டீச்சர் விலகியபோது நடப்பில் இருந்த அந்தச் சட்டப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை வரும். இவருக்கு அது இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய். அப்படியானால் வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. ஐந்து வருடம் நிறைவது 2025 ஜூன் 7. இவரை விடுவித்தது ஏப்ரல் 30. ஐந்தரை வாரத்தில் தவறவிட்டார்.

நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பள்ளி தானாக எடுத்துக் கொடுக்காது. தொழிலாளர் துறையில் மனுப் போட்டு, வருகைப் பதிவேட்டை வரவழைத்து, விடுமுறை நாட்களைச் சேர்ப்பதா கூடாதா என்று வாதாடி வாங்க வேண்டும். டீச்சர் ஆகஸ்டில் சென்னையில் விடுதி தேடிக்கொண்டிருப்பார், விசாரணைக்கு விசாரணை மலையேறி வர முடியுமா? கடிதத்தில் "30.06.2025 பிற்பகல்" என்று எழுதியிருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. முன்னறிவிப்புக் காலம் சரியாக இருந்திருக்கும், மே சம்பளத்தைக் கேட்க வாய் இருந்திருக்கும், ஐந்து வருடமும் நிறைந்திருக்கும், வகுப்புக்கு இன்னும் ஒரு மாதம் மிச்சமும் இருந்திருக்கும்.

தேதி போடுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, சினிமா படிக்கப் போகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே அது தேவைப்படும். திரைப்படக் கல்லூரியில் எழுத்துத் தேர்வில் பெயர் வந்துவிட்டது என்பதும் இடம் கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. நேர்காணல், இறுதிப் பட்டியல், காத்திருப்போர் பட்டியல் என்று நடுவில் எத்தனையோ இருக்கும். தனியார் நிறுவனமாக இருந்தால் ஆள் சேரவில்லை என்று வகுப்பையே அடுத்த ஆறு மாதத்துக்குத் தள்ளுவார்கள். வருங்காலத் தேதி போட்டுக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது பொதுவான சட்ட நிலை. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே மாதம், ஆகஸ்ட் 1 முதல் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜூலையில் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் பள்ளியில் இதை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் இருக்கிறது. ஆனால் தேதி வரவில்லை என்றால் போய்ப் பேசவாவது இடம் உண்டு. "உடனடியாக" என்று கேட்டு, அவர்களும் விடுவித்துவிட்டால் பேச்சு முடிந்தது.

தேதியை எப்படிக் குறிப்பது? நியமன ஆணையை முதலில் எடுங்கள். பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, தேடுங்கள். முன்னறிவிப்பு ஒரு மாதமா மூன்று மாதமா, கல்வியாண்டின் நடுவில் விலகக் கூடாது என்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்புத் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடைசி நாளை முடிவுசெய்யுங்கள். அப்புறம் அந்த நாளுக்குள் ஐந்து வருடம் நிறைகிறதா என்று சேர்ந்த தேதியோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். முன்னறிவிப்பு நாள் கணக்கு நீங்கள் கடிதம் எழுதிய நாளில் தொடங்காது, அலுவலகம் வாங்கிய நாளில்தான் தொடங்கும். அதனால் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். ஜூலையில் மழைக்கு லீவு விட்டு அலுவலகம் பூட்டிக் கிடக்கும் ஊர் இது, கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

அந்த டீச்சர் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

"சென்னையில் படத்தொகுப்புப் பட்டயப் படிப்பில் சேர இருப்பதால், என் ஆசிரியர் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணையின்படி ஒரு மாத முன்னறிவிப்புக்குக் குறையாமல் இக்கடிதத்தைத் தருகிறேன். 30.06.2025 பிற்பகல் என் கடைசிப் பணிநேரமாக இருக்கும். அன்று விடுவிப்பு ஆணை, பணி அனுபவச் சான்று, பள்ளியில் ஒப்படைத்துள்ள என் அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"பிற்பகல்" என்பதை விடாதீர்கள். முற்பகல் என்று அவர்களாகப் போட்டால் அந்த ஒரு நாள் பணிக்காலத்தில் வராது.

காரணத்தை மறைப்பது

"சொந்தக் காரணங்கள்" என்று எழுதுவது சட்டப்படி தப்பில்லை. ஆனால் நம் ஊரில் அப்படி எழுதினால், பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார், பிள்ளைகளையும் டியூஷனுக்கு இழுத்துக்கொள்வார் என்றுதான் நிர்வாகம் நினைக்கும். அந்தச் சந்தேகத்திலேயே அனுபவச் சான்றை இழுத்தடிப்பார்கள். படிக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதினால் பாதிப் பகை குறையும். சினிமா என்றால் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தால் படிப்பின் பெயரை மட்டும் எழுதுங்கள், அது உண்மைதானே.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். கோத்தகிரியில் ஒரு தம்பி மூன்று பக்கம் எழுதியிருந்தார், சின்ன வயதுக் கனவு, டென்ட் கொட்டகை, உலக சினிமா எல்லாம் வந்தது. கடைசி வேலை நாள் மட்டும் வரவில்லை.

அசல் சான்றிதழ்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவது

சேரும்போது பட்டச் சான்று, பி.எட். சான்று எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அப்படி வைத்துக்கொள்வதே சரியில்லை, ஆனால் இருக்கிறது. பட்டதாரிகளுக்கான திரைப்படப் பட்டயப் படிப்பில் சேர்க்கை நாளன்று அசல் பட்டத்தைக் காட்டச் சொல்வார்கள். அன்று காலையில் "பிரின்சிபால் மேடம் கோயம்புத்தூர் போயிருக்காங்க, சாவி அவங்ககிட்ட" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? ராஜினாமா கடிதத்தோடு ஒரு தாளில் எந்தெந்தச் சான்று, அதன் வரிசை எண் என்ன என்று எழுதி இணையுங்கள். சேரும்போது கொடுத்ததற்கு ரசீது வாங்காதவர்களுக்கு, முத்திரை வாங்கிய இந்தத் தாள்தான் ரசீது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது

வேண்டாம்.

பள்ளிக் குடியிருப்பு

அங்கேயே தங்கியிருந்தால் வீட்டைக் காலி செய்யும் தேதியையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதையே பார்த்து எழுதுவது

உங்களுக்கு இது பொருந்தாது. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலமே கணக்கில் இல்லாமல் போகும். முதலில் சம்பளமில்லா விடுப்புக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள், கடிதம் அப்புறம்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதி

விடுவிப்பு ஆணை கையில் வந்ததும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி, பி.எஃப். தளத்தில் உங்கள் விலகல் தேதியைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பின்னால் பணம் எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, நீங்களே உள்ளே போய் `Manage` என்பதில் `Mark Exit` கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைத்த செல்பேசி எண் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். சென்னை போனதும் சிம்மை மாற்றுகிறவர்கள் இதை முடித்துவிட்டு மாற்றுங்கள். அங்கே போடும் தேதி கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் இருக்க வேண்டும், விடுவிப்பு ஆணையில் உள்ள அதே தேதியைப் போடுங்கள். பதிவதற்கு முன் தேதியை நன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.