மீட்டர் ஸ்கேலுக்கு அடியில ரெண்டு விரல்: ஏன் எப்பவும் நடுவுலயே வந்து முட்டுது?

தேவை ஒரு மர மீட்டர் ஸ்கேல், உங்க ரெண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவுதான். 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல்லயும் வரும், ஆனா அது ரொம்ப லேசா இருக்கறதால நடக்கறது கண்ணுக்கு சரியா தெரியாது, அதனால முதல் தடவை நீளமானதுலயே பண்ணுங்க.

ஸ்டெப் 1: ஸ்கேலை வைக்கறது

ரெண்டு உள்ளங்கையும் ஒண்ண ஒண்ணு பாக்கற மாதிரி வச்சு ஆள்காட்டி விரலை மட்டும் முன்னாடி நீட்டுங்க. அது மேல ஸ்கேலை படுக்க வைங்க, நம்பர் மேல தெரியணும். இடது விரல் 10-ல, வலது விரல் 80-ல இருக்கட்டும். வேணும்னேதான் ஒரே அளவு தூரத்துல வைக்கல, இடது விரல் நடுவுல இருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கு, வலது 30 செ.மீ. தள்ளி. ரெண்டு விரலும் நடுவுக்கு ஒரே பக்கம் இருந்தா ஸ்கேல் கவுந்துடும், ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் இருந்தாதான் நிக்கும்.

ஸ்டெப் 2: மெதுவா சேர்க்கறது

இப்ப ரெண்டு கையையும் மெதுவா ஒண்ண நோக்கி ஒண்ணு கொண்டு வாங்க. விரலை பாக்காதீங்க, விரலுக்கு நேரா ஸ்கேல்ல என்ன நம்பர் வருதுன்னு பாருங்க. ரெண்டு கையும் ஒரே வேகத்துலதான் நகருது, ஆனா முதல்ல இடது விரல் மட்டும்தான் ஸ்கேலுக்கு அடியில வழுக்கும், வலது 80-லயே ஒட்டிக்கிட்டு ஸ்கேலையும் கூடவே இழுத்துட்டு வரும். கொஞ்ச தூரம் போனதும் இடது டக்குனு நின்னுடும், வலது வழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் மறுபடி இடது. இப்படி மாறி மாறி வந்து கடைசியில 50 கிட்ட ரெண்டும் முட்டிக்கும்.

கண்ண மூடிட்டு பண்ணுங்க, ஒரு கையை அசைக்காம இன்னொரு கையை மட்டும் நகர்த்தி பண்ணுங்க, அப்பவும் அங்கதான் வரும். ஒரு கை மட்டும் நகரும்போது கூட ஸ்கேல் சில நேரம் அந்த கையோட சேர்ந்து வந்து, சும்மா நிக்கற விரல் மேல வழுக்கிட்டு போகும். எந்த விரல் வழுக்கணும்ங்கறத நம்ம கை முடிவு பண்றது இல்ல.

ஸ்டெப் 3: அப்ப யார் முடிவு பண்றது?

ரெண்டு பேரு ஒரு கம்புல தண்ணி குடத்தை மாட்டி தூக்கிட்டு போறப்ப குடம் யார் பக்கம் நெருங்கி இருக்கோ அவருக்குதானே பாரம் ஜாஸ்தி? இங்க குடத்துக்கு பதிலா ஸ்கேலோட ஈர்ப்பு மையம், அதாவது 50. ஸ்கேல் எடை 100 கிராம்னு வச்சுக்கங்க. மொத்த தூரம் 40 + 30 = 70. இடது விரல் மேல விழற பாரம் 100 × 30/70, சுமார் 43 கிராம். வலது மேல மீதி 57 கிராம். கிட்ட இருக்கற விரலுக்கு பாரம் கூட, தள்ளி இருக்கறதுக்கு கம்மி.

அடுத்தது உராய்வு. பாரம் எந்த அளவு கூடுதோ உராய்வும் அதே அளவு கூடும், இதை 1699-லயே பிரான்ஸ்ல அமான்டன்ஸ் சொல்லிட்டாரு. அதனால 43 கிராம் தாங்கற இடது விரல்ல பிடிப்பு கம்மி, அது முதல்ல வழுக்குது.

இதோட நிறுத்தினா ஒரு கேள்வி பாக்கி இருக்கும். இடது வழுக்கி வழுக்கி அதுவும் 30 செ.மீ. தூரத்துக்கு வந்துட்டா ரெண்டு பக்கமும் பாரம் சமம் ஆகிடுமே, அங்கயே ஏன் மாறல, ஏன் அதையும் தாண்டி போய் நிக்குது? காரணம் உராய்வு ரெண்டு வகை. ஒட்டி நிக்கற பொருளை அசைக்கறப்ப வர்றது நிலை உராய்வு, ஏற்கனவே வழுக்கிட்டு இருக்கறப்ப வர்றது இயக்க உராய்வு, ரெண்டாவது பொதுவா கொஞ்சம் கம்மி. அதனால வழுக்கற விரல் கூடுதல் பாரத்தை வாங்கினாதான் நிக்கற விரலோட பிடிப்பை ஜெயிக்க முடியும்.

ஸ்டெப் 4: கணக்கு போட்டு பாக்கறது

நிலை உராய்வு எண் 0.4, இயக்க உராய்வு எண் 0.3-னு எடுத்துக்குவோம். 0.3/0.4 = 0.75. வழுக்கற விரலோட தூரம், நிக்கற விரலோட தூரத்துல 0.75 மடங்கு ஆகறப்பதான் ஆள் மாறும். வலது நடுவுல இருந்து 30 செ.மீ. தூரத்துல நிக்குது, அப்ப இடது 30 × 0.75 = 22.5 செ.மீ. தூரம் வரைக்கும் வரும், அதாவது ஸ்கேல்ல 27.5. அந்த இடத்துல இடது மேல பாரம் 57, வலது மேல 43, முதல்ல இருந்ததுக்கு அப்படியே தலைகீழ். 57 × 0.3-உம் 43 × 0.4-உம் ரெண்டுமே சுமார் 17. அடுத்த நொடி வலது பிடி விட்டு வழுக்க ஆரம்பிக்கும், 22.5 × 0.75 = 16.9 வரைக்கும், ஸ்கேல்ல கிட்டத்தட்ட 67. அப்புறம் இடது 12.7, வலது 9.5, இடது 7.1-னு குறைஞ்சுகிட்டே வரும். எந்த விரலும் நடுவை தாண்ட முடியாது, ஏன்னா ஒரு விரல் 50-ஐ நெருங்க நெருங்க மொத்த எடையும் அது மேல வந்துடும், இன்னொரு விரல்ல பிடிப்பே இருக்காது, அப்ப வழுக்க வேண்டியது அந்த இன்னொண்ணுதான்.

இத நீங்க திருப்பியும் போடலாம். ஆள் மாறுற இடத்துல ரெண்டு நம்பரையும் குறிச்சு, 50-ல இருந்து ரெண்டுக்கும் உள்ள தூரத்தை வகுத்தா உங்க விரலுக்கும் அந்த மரத்துக்கும் உள்ள இயக்க, நிலை உராய்வு விகிதம் கையில வந்துடும், ஸ்பிரிங் தராசு எதுவும் வேணாம். எனக்கு இந்த எக்ஸ்பெரிமென்ட்ல ரொம்ப பிடிச்சதே இதுதான்.

சரியா வரலன்னா

ஆள் மாறுறதே தெரியாம ரெண்டு விரலும் சேர்ந்தே வழுக்குற மாதிரி இருந்தா, உங்க ரெண்டு உராய்வு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குன்னு அர்த்தம், மாறுறது ரொம்ப சின்ன சின்னதா நடக்குது. முடிவு அதேதான். ஸ்கேல் ஆடி கீழ விழுந்தா பெரும்பாலும் வேகம்தான் காரணம், ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் ஸ்கேல் நின்னு திசை மாறணும், வேகமா இழுத்தா அதுக்கு நேரம் இல்ல. 50-க்கு கொஞ்சம் முன்ன பின்ன நின்னா பயப்படாதீங்க, விரல் தடிமன் இருக்கே, ரெண்டு விரலும் தொட்டுக்கிட்ட பிறகு அதுக்கு மேல நெருங்க முடியாது. துல்லியமா வேணும்னா விரலுக்கு பதிலா ரெண்டு பென்சில் வச்சு பண்ணுங்க.

ஒரு விரல்ல மட்டும் பவுடர் தடவி பாருங்க, அந்த விரல் ஒரே ஓட்டமா நடு கிட்ட போயிடும், மத்தது பின்னாடி வரும், ஆனா சேர்ற இடம் மாறாது. சேர்ற இடம் மாறணும்னா ஸ்கேலோட ஈர்ப்பு மையத்தை மாத்தணும். 90-ல 20 கிராம் களிமண் ஒட்டினா மையம் 20 × 40/120, அதாவது 6.7 செ.மீ. நகரும், விரல் ரெண்டும் 57 கிட்ட போய் முட்டும். துடைப்பத்துல பண்ணினா குச்சி பரந்து இருக்கற பக்கமா தள்ளி சேர்றதும் இதனாலதான்.

கடைசியா, தலைகீழா

ரெண்டு விரலையும் 49, 51-ல வச்சுட்டு இப்ப வெளிய இழுங்க. மாறி மாறி போகும்னு தோணும், போகாது. ஏதோ ஒரு விரல் முதல்ல வழுக்கும், வெளிய போகப் போக அது மேல பாரம் குறையும், பாரம் குறைஞ்சா பிடிப்பும் குறையும், அதனால அதேதான் தொடர்ந்து வழுக்கும். வலது விரல் 90-க்கு போயிடுச்சுன்னா அது தாங்கறது வெறும் 2.4 கிராம், 49-லயே நிக்கற இடது விரல் மேல 97.6 கிராம்.