ஃபிளைட் டைம பாத்து வீட்ட விட்டு கிளம்பாதீங்க: சென்னை ஏர்போர்ட்டுக்கு போறவங்க பண்ற தப்புகள்

டிக்கெட்ல பெருசா போட்டிருக்கற டைம் வந்து விமானம் நகர்ற டைம், அது நமக்கு சம்பந்தமே இல்லாத டைம்னு வச்சுக்கங்க. நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு பேக் போடற கவுன்டர் எப்ப மூடுவான், இன்னொண்ணு போர்டிங் கேட் எப்ப மூடுவான். உள்நாட்டு ஃபிளைட்டுக்கு கவுன்டர் பொதுவா 60 நிமிஷம் முன்னாடி மூடிடும், வெளிநாட்டுக்கு 60 இல்லன்னா 75 நிமிஷம், ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், டிக்கெட்லயே போட்டிருப்பாங்க. கேட் 20, 25 நிமிஷம் முன்னாடி க்ளோஸ். இத விட்டுட்டு "7:15க்குதான ஃபிளைட், 6 மணிக்கு போனா போதும்"னு கணக்கு போடறவங்கதான் கவுன்டர்ல நின்னு கெஞ்சிட்டு இருப்பாங்க.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7:15க்கு ஹைதராபாத் ஃபிளைட், வீடு அண்ணா நகர், கையில ஒரு பெரிய பெட்டி. கவுன்டர் 6:15க்கு மூடும். பேக் போடற க்யூ வீக்கெண்ட்ல அரை மணி நேரம் கூட இழுக்கும், வாசல்ல சிஐஎஸ்எஃப் ஆளு ஐடியும் டிக்கெட்டும் பாக்கறதுக்கும் ஒரு பத்து நிமிஷம் வைங்க, கொஞ்சம் கையிருப்பும் வேணும், அப்போ 5:15க்கு டெர்மினல் வாசல்ல இறங்கணும். இனிமே ரோடு. ஞாயித்துக்கிழமை காலைல 40 நிமிஷத்துல போற அதே தூரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடபழனி, அசோக் பில்லர், கத்திப்பாரான்னு தாண்டறதுக்குள்ள ஒண்ணே கால், ஒன்றரை மணி நேரம் ஆயிடும். அதனால 3:45க்கு வண்டி நகரணும், வண்டி நகரணும்னா 3:25, 3:30க்கே புக் பண்ணணும், ஏன்னா புக் பண்ண வண்டி கேன்சல் ஆகி அடுத்தது வர்றதுக்கும் டைம் வேணும்ல. ஆக 7:15 ஃபிளைட்டுக்கு மூணே முக்கால் மணி நேரம் முன்னாடி வீட்ல வேலை ஆரம்பிக்குது. கேக்க ஓவரா இருக்கும், ஆனா இதுல பாதி ரோட்டுக்குத்தான் போகுது.

மேப் பாக்கறதுலயும் ஒரு தப்பு நடக்குது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேப்ப திறந்து "50 நிமிஷம் காட்டுது"ன்னு நிம்மதியா சாப்ட உக்காந்துடறாங்க, அது அந்த நிமிஷத்து டிராஃபிக். மேப்லயே எத்தனை மணிக்கு போய் சேரணும்னு குடுக்கற வசதி இருக்கு, அதுல 5:15ன்னு போட்டா இவ்ளோலருந்து இவ்ளோ வரைக்கும் ஆகும்னு ஒரு ரேஞ்ச் காட்டும், அதுல பெரிய நம்பர எடுத்துக்கங்க. மழை பெஞ்சா அதுக்கும் மேல அரை மணி நேரம் சேத்துக்கங்க, ஜிஎஸ்டி ரோடுல தண்ணி நின்னா என்ன ஆகும்னு பல்லாவரம், குரோம்பேட்டை காரங்கள கேட்டா தெரியும்.

இதே ஆளு மெட்ரோல போனா கதையே வேற. திருமங்கலத்துல ஏறி ஆலந்தூர்ல மாறி ஏர்போர்ட், மாறற நேரமும் சேத்து முக்கால் மணி நேரம் வைங்க, வெள்ளிக்கிழமைன்னாலும் பெருசா மாறாது. பெரிய பெட்டி ரெண்டு மூணு இருந்தா கஷ்டம்தான், ஒரு பெட்டின்னா யோசிக்கவே வேணாம். தாம்பரம், கிண்டி பக்கம் இருக்கறவங்களுக்கு எலக்ட்ரிக் டிரெயினும் உண்டு, திரிசூலத்துல இறங்கினா ஏர்போர்ட் எதிர்ல. ஆனா விடிகாலை ஃபிளைட்டுக்கு மெட்ரோவ நம்பாதீங்க, 6 மணி ஃபிளைட்டுக்கு கவுன்டர் 5க்கே மூடிடும், அந்த நேரத்துலதான் மெட்ரோவே ஓட ஆரம்பிக்கும்.

அடுத்தது வெப் செக்-இன். "நான் நேத்தே செக்-இன் பண்ணிட்டேன்"னு லேட்டா வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. கைப்பை மட்டும்னா சரி, கவுன்டர் கணக்கே உங்களுக்கு கிடையாது, நம்ம 7:15 ஃபிளைட்டுக்கு கேட் மூடற 6:50தான் கணக்கு, 5:45 வாக்குல உள்ள வந்தா செக்யூரிட்டி முடிச்சு காபி குடிக்கவும் நேரம் இருக்கும். ஆனா பெட்டி போடணும்னா வெப் செக்-இன் பண்ணாலும் அதே 60 நிமிஷம்தான், சீட்டுதான் கையில இருக்கு, பெட்டி இன்னும் போகலையே. டிஜியாத்ராவும் அப்படித்தான், வாசல்லயும் செக்யூரிட்டிக்கு முன்னாடியும் டிக்கெட் பாக்கற வேலைய குறைக்கும், பேக் க்யூவயும் எக்ஸ்-ரே க்யூவயும் குறைக்காது. அப்புறம் பவர் பேங்க்க செக்-இன் பெட்டிக்குள்ள போட்டுட்டா பெட்டிய நிறுத்தி உங்கள கூப்பிடுவாங்க, அதுல 15 நிமிஷம் போச்சு. அது கைப்பைலதான் இருக்கணும்.

டெர்மினல் நம்பரயும் கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க. சென்னைல உள்நாட்டு ஃபிளைட் டெர்மினல் 1லயும் போகுது 4லயும் போகுது, வெளிநாடு டெர்மினல் 2. தப்பான வாசல்ல இறங்கிட்டு பெட்டிய தள்ளிட்டு நடந்தா ஒரு பத்து நிமிஷம் சும்மா போகும்.

இப்ப வெளிநாடு. இதுல பெரிய தப்பு ரோடு இல்ல, தேதி. நம்ம ஊர்லருந்து நெறைய வெளிநாட்டு ஃபிளைட் நடுராத்திரிதான். டிக்கெட்ல ஞாயிறு 1:40ன்னு இருந்தா அது சனிக்கிழமை ராத்திரி முடிஞ்ச உடனே வர்ற 1:40, நீங்க சனிக்கிழமை ராத்திரி சாப்ட்டு கிளம்பணும். ஞாயித்துக்கிழமை முழுக்க பேக்கிங் பண்ணிட்டு ராத்திரி பத்து மணிக்கு கம்பீரமா வந்து நிக்கறவங்க இருக்காங்க, ஃபிளைட் போய் இருபது மணி நேரம் ஆயிருக்கும். காலெண்டர்ல சனிக்கிழமை கட்டத்துல "ராத்திரி 9 மணி கிளம்பணும்"னு எழுதி வைங்க, ஃபிளைட் டைம எழுதாதீங்க.

அந்த 1:40க்கு கவுன்டர் 75 நிமிஷம்னா 12:25க்கு மூடும். இங்க வெப் செக்-இன்ன நம்பி கைப்பையோட வந்தாலும் பல தடவை பாஸ்போர்ட், விசா பாக்கறதுக்காக கவுன்டருக்கு போக சொல்லுவாங்க. அது முடிஞ்சு இமிகிரேஷன், அப்புறம்தான் செக்யூரிட்டி. மூணும் தனித்தனி க்யூ, அதோட நடுராத்திரில பக்கத்து பக்கத்துல அஞ்சாறு ஃபிளைட் கிளம்பறதால எல்லா கூட்டமும் ஒரே நேரத்துல இமிகிரேஷன்ல வந்து விழும். அதான் மூணு மணி நேரம்னு சொல்றது, 10:40க்கு வாசல்ல இருங்க. அதுக்குன்னு எட்டு மணிக்கே போனாலும் பிரயோஜனம் இல்ல, உங்க ஃபிளைட்டுக்கு கவுன்டர் பொதுவா மூணு மணி நேரம் முன்னாடிதான் திறக்கும், பெட்டிய கட்டிக்கிட்டு வெளியிலயே உக்காரணும்.

இன்னொண்ணு, வழியனுப்ப வர்ற குடும்பம். வேன் புடிச்சு அத்தை, சித்தப்பா, பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்து வாசல்ல நின்னு போட்டோ எடுத்து, அழுது, திரும்ப ஒரு போட்டோ எடுத்து, எப்படியும் அரை மணி நேரம். டிக்கெட் இல்லாதவங்கள உள்ள விட மாட்டாங்க, அதனால இந்த அரை மணி நேரம் உங்க கணக்குலருந்துதான் போகும். அழறதெல்லாம் வேணாம்னு சொல்லல, 10:10க்கு வந்து அழுங்க.