பத்தர் கணக்கில் அரப்பொடியை எடை போட்ட கையோடு வரவு வைக்காதீர்கள்

"ஏனுங்க, நான் குடுத்த அரப்பொடி 6 கிராம் 400 மில்லின்னு உங்க நோட்டுலயே இருக்குது. அப்புறம் எப்படிங்க இப்ப எம்பேர்ல பாக்கி வருது?"

கோவை செல்வபுரம் பக்கம் ஒரு பட்டறையில் நான் கணக்கு எழுதிக் கொண்டிருந்தபோது வளையல் வேலை செய்யும் பத்தர் ஒருவர், நகையை அரத்தால் ராவும்போது விழுகிற பொடியைப் பற்றி இப்படிக் கேட்டார். கோபப்படவில்லை, நின்று நிதானமாகத்தான் கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நோட்டில் இருந்தது நான் எழுதிய எண், அதன் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் தங்கம் குறைந்திருந்தது. முதலாளி அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். தப்பு அவரிடம் இல்லை, நான் கணக்கு எழுதிய முறையில் இருந்தது. பட்டறைக் கணக்கு எழுதுகிற பலர் இன்றைக்கும் அதே முறையில்தான் எழுதுகிறார்கள், அதனால் நடந்ததை எண்ணோடு சொல்கிறேன்.

அன்று அவருக்குக் கொடுத்தது 92 டச், அதாவது நூறில் 92 பங்கு சுத்தத் தங்கம் உள்ள தகடு, 100 கிராம். அதோடு பற்றவைக்கும் பொடி 2 கிராம், அது 80 டச். மொத்தம் 102 கிராம் பற்று. நான்கு நாள் கழித்து வளையல் 84.500 கிராம், வெட்டுத் துண்டு 9.300, அரப்பொடி 6.400, மிச்சமிருந்த பற்றுப்பொடி 0.600 என்று கொண்டு வந்தார். கூட்டினால் 100.800. குறைவு 1.200 கிராம். அவருக்குப் பேசியிருந்த சேதாரம், முடிந்த நகை எடையில் 2 சதவீதம், அதாவது 1.690. அப்படியானால் அவர் 490 மில்லி மிச்சம் பிடித்திருக்கிறார் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த வேலையும் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிரச்சினை அரப்பொடியை உருக்கியபோது வந்தது. அரப்பொடி என்றால் ராவும்போது விழுகிற தங்கத்தூள் மட்டும் என்று நினைக்கக் கூடாது. அரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு, எமரித் தாளின் மணல், கரி, வெங்காரம், தட்டில் இருந்த தூசி எல்லாம் சேர்ந்த கலவை அது. காந்தம் காட்டி இரும்பை எடுத்துவிட்டு, குகை என்கிற உருக்கும் கிண்ணத்தில் வைத்து உருக்கினால் 6.400 கிராம் பொடி 5.700 கிராம் கட்டியாக வந்தது. டச் பார்த்தால் 92 இல்லை, 90.5 தான், ஏனென்றால் ராவும்போது பற்ற வைத்த இடமும் சேர்ந்துதானே ராவப்படுகிறது, அதனால் 80 டச் பொடியும் அதில் கலந்துவிடுகிறது.

இப்போது எல்லாவற்றையும் சொக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். பட்டறையில் பியூர் என்று சொல்வதுதான். எடையை டச்சால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும். கொடுத்தது: தகட்டில் 92.000, பற்றுப்பொடியில் 1.600, ஆக 93.600. வந்தது: வளையலை டச் பார்த்தால் 91.8, அதில் சொக்கம் 77.571. வெட்டுத் துண்டில் 8.556. உருக்கிய அரப்பொடியில் 5.159. மிச்சப் பற்றுப்பொடியில் 0.480. ஆக 91.766. உண்மையான குறைவு சொக்கத்தில் 1.834 கிராம். அவருக்குப் பேசிய 2 சதவீதத்தை வளையலின் சொக்கத்தில் போட்டால் 1.551. அதாவது 490 மில்லி மிச்சம் என்று நான் எழுதிய அதே வேலையில் உண்மையில் சொக்கத்தில் 283 மில்லி கூடுதல் சேதம் ஆகியிருக்கிறது.

இதில் எவரும் எதையும் எடுக்கவில்லை. தூசியையும் இரும்பையும் தங்கம் என்று நான் வரவு வைத்தேன், அவ்வளவுதான் நடந்தது. இது மறுபக்கமும் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பற்றுப்பொடி அதிகம் கொடுத்து, அதையும் 92 டச் தகட்டோடு ஒரே எடையாகப் பற்று எழுதினால், பத்தர் வாங்காத தங்கத்துக்கு அவர் பேரில் கடன் ஏறும். எடையை மட்டும் பார்க்கிற நோட்டு யாராவது ஒருவருக்கு அநியாயம் செய்துகொண்டேதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம். அரப்பொடி வரும் அன்றே அதை வரவில் ஏற்றாதீர்கள். பத்தர் முன்னாலேயே எடை போட்டு, பேர், தேதி, எடை எழுதிய தனிக் கவரில் போட்டு ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டில் "உருக்க வேண்டியது" என்று தனிப் பத்தியில் மட்டும் குறித்து வையுங்கள். வாரம் ஒரு நாள் அவரவர் கவரை அவரவர் முன்னால் தனித்தனியாக உருக்கி, வந்த கட்டியின் எடையும் டச்சும்தான் வரவு. பல பத்தர்களின் பொடியை ஒன்றாகக் கொட்டி உருக்கிவிட்டு விகிதம் போட்டுப் பிரிப்பது வேலையைக் குறைக்கும் என்று தோன்றும், ஆனால் சுத்தமாகப் பொடி வைத்திருக்கிற ஆள் அழுக்கோடு கொடுத்த ஆளின் குறையைச் சுமப்பார்.

டச் பார்ப்பதிலும் ஒரு கவனம். பெரியகடை வீதி, ராஜ வீதிப் பக்கம் நிமிடத்தில் பார்த்துத் தருகிற மெஷின் டச், கட்டியின் மேல்பரப்பைத்தான் படிக்கும். பொடியை அப்படியே வைத்துப் பார்ப்பதோ, அரைகுறையாக உருகிய கட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதோ வேண்டாம். நன்றாக உருக்கிக் கலக்கி ஊற்றி, மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பாருங்கள். இரண்டு எண்ணும் நெருங்கி வரவில்லை என்றால் மறுபடி உருக்க வேண்டியதுதான்.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது, சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. "சேதாரம்" என்ற ஒரே சொல்லை மூன்று விஷயத்துக்கு எழுதுகிறோம். கடையில் வாடிக்கையாளர் பில்லில் போடுகிற சேதாரம் ஒன்று, அது பட்டறை நோட்டுக்குள் வரவே கூடாது. பத்தருக்கு இவ்வளவு என்று பேசி விடுகிற சேதாரம் இன்னொன்று. வேலையில் நிஜமாகக் குறைந்த தங்கம் மூன்றாவது. நோட்டில் ஒரே பத்தியில் "சேதாரம் 1.690" என்று எழுதினால் அது பேசியதா, நடந்ததா என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. பல நோட்டுகளில் பேசிய சதவீதத்தை எழுதி கணக்கை நேராக்கிவிடுகிறார்கள், உண்மையான குறைவு எங்கேயும் பதிவாவதே இல்லை. நடந்த குறைவு ஒரு பத்தி, பேசியது ஒரு பத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பத்தி என்று மூன்றாகப் பிரியுங்கள். எதன் மேல் சதவீதம் என்பதையும் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்த எடையிலா, முடிந்த நகையிலா? மேலே சொன்ன வேலையிலேயே 2 சதவீதத்தைக் கொடுத்த 102 கிராமில் போட்டால் 2.040, முடிந்த நகையில் போட்டால் 1.690. ஒரே பேச்சு, 350 மில்லி வித்தியாசம். கல் நகை என்றால் கல், நூல், அரக்கு எல்லாம் கழித்த நிகர எடையில்தான் சதவீதம் (ஒரு கேரட் கல் 200 மில்லி, அதை மறந்து மொத்த எடையில் போடுகிறவர்கள் உண்டு).

இங்கேதான் பட்டறை மண் வருகிறது. பத்தர் தட்டில் பிடிபடாத தங்கம் காற்றில் கரைவதில்லை. தரையில், மிதியடியில், கை கழுவுகிற தொட்டியில், பாலிஷ் மோட்டாரின் பஃப் துணியில் போய் உட்கார்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை எரித்து அரித்து உருக்கினால் கட்டி வரும். அது யாருக்கு? பேசிய சேதாரம் பத்தரின் வருமானம், மிச்சம் பிடித்தால் அவருக்கு, கூடினால் அவர் தலையில் என்று பேசியிருந்தால் மண்ணிலும் அவருக்குப் பங்கு உண்டு. நடந்த குறைவு முழுவதும் பட்டறையைச் சேர்ந்தது என்றால் மண் முதலாளிக்கு. கூடுதல் குறைவைப் பத்தர் கூலியில் பிடித்துக்கொண்டு, அதே தங்கத்தை மண்ணிலிருந்து முதலாளியும் எடுத்துக்கொள்வது ஒரே தங்கத்துக்கு இரண்டு தடவை வசூல் செய்வது. தெரிந்து செய்கிறவர்கள் குறைவுதான், மண் கணக்கு தனி நோட்டில் இருப்பதால் இது கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கு நான் பின்னால் கடைப்பிடித்த வழி இது. ஐந்து பத்தர்கள் மூன்று மாதத்தில் சொக்கமாக 60 கிராம் குறைத்திருக்கிறார்கள், மண்ணில் 21 கிராம் சொக்கம் திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியது 35 சதவீதம். வளையல் பத்தரின் குறைவு 12 கிராம் என்றால் அதில் 35 சதவீதம், 4.200, அவர் பக்கத்தில் வரவு. அவர் முடித்த வேலை சொக்கத்தில் 500 கிராம் என்றால், மண்ணுக்கு முன் குறைவு 2.4 சதவீதம், மண்ணுக்குப் பின் 1.56. பேசிய 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைத்த ஆள் உள்ளேயே இருக்கிறார். விகிதம் போட்டுப் பிரிக்கிற இந்த வழியில் துல்லியம் முழுதாக வராது என்பது உண்மை, பஃப் வேலை அதிகம் உள்ளவருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகலாம். அதனால் முடிந்தால் பாலிஷ் தூசியைத் தனியாகச் சேர்த்து உருக்குங்கள். ஆனால் அரப்பொடியில் இந்த விகிதம் வேண்டாம், அதைத் தனித்தனியாகப் பிடிக்க முடியும்போது பிரித்துக்கொடுக்க அவசியம் இல்லை.

இன்னொன்று, ஒரு வேலை முடியாமலே அடுத்த வேலைக்குத் தங்கம் கொடுத்துப் பாக்கியை மட்டும் கீழே இழுத்துக்கொண்டு போவது. சீசனில் எல்லோரும் செய்வதுதான், தவிர்க்க முடியாது. ஆனால் முதல் வேலையில் குறைந்தது இரண்டாவது வேலைத் தகட்டிலிருந்து நிரப்பப்பட்டு, அது மூன்றாவதிலிருந்து நிரப்பப்பட்டு, கடைசியில் எந்த வேலையில் குறைந்தது என்று பத்தருக்கே தெரியாது. நோட்டில் "கையிருப்பு 46.300" என்று இருக்கும், அந்த 46.300-ஐ யாரும் கண்ணால் பார்த்து மாதக் கணக்காகி இருக்கும். வேலைக்கு ஒரு எண் போட்டு, கொடுத்ததும் வந்ததும் அந்த எண்ணின் கீழேயே எழுதுங்கள். மாதம் ஒரு நாள் கையிருப்பைத் தராசில் வையுங்கள், பாதி முடிந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. ஈரமாகவோ சூடாகவோ வைக்காதீர்கள், பழுப்பு எடுத்த உள்கூடு வளையலுக்குள் தண்ணீர் நின்றால் அதுவும் தங்கமாகத்தான் எடை காட்டும். கொடுக்க ஒரு தராசு, வாங்க ஒரு தராசு என்றும் வேண்டாம்.

முழுக் கணக்கு முடிக்க எங்கள் பக்கம் ஆடிதான் வசதி. கல்யாண வேலை குறைவாக இருக்கும், பத்தர்களும் ஊருக்குப் போகிற மனநிலையில் இருப்பார்கள். ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் எல்லோர் கையிருப்பும் பூஜ்ஜியத்துக்கு வந்து, அரப்பொடிக் கவர்கள் எல்லாம் உருகி, மண்ணும் அரித்து முடித்து, ஒவ்வொருவரிடமும் அவர் பக்கத்தைக் காட்டி உரக்கப் படித்துவிட்டுத்தான் புது நோட்டுக்கு மஞ்சள் வைப்போம். வளையல் பத்தர் பக்கத்தில் அந்த வருடம் பழைய 490 மில்லி மிச்சத்தை அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, மண் வரவையும் சேர்த்து, நான் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சரிங்க" என்று அவரும் போட்டார்.